கோணம் பார்த்துக் கடைகளைப் பிரிக்கும் ஸ்வீப் முறை: எங்கே சறுக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

குடோனில் நின்றுகொண்டு கையை நீட்டி ஒரு சுற்று சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கை கடந்துபோகும் கடைகளை வரிசையாக ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டே வர வேண்டும். அடுத்த கடையைச் சேர்த்தால் லோடு மீறும் என்றால் அந்த வண்டியை மூடிவிட்டு அடுத்த வண்டியைத் திறக்க வேண்டும். ஆரஞ்சைச் சுளை சுளையாகப் பிரிப்பது போல ஊர் பிரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுளைக்குள்ளும் எந்தக் கடைக்கு முதலில் போவது, எதற்கு அடுத்தது என்று தனியாக வரிசைப்படுத்த வேண்டும். ஸ்வீப் முறை அவ்வளவுதான். 1974-ல் கில்லெட், மில்லர் என்ற இருவர் எழுதிய கட்டுரையால் இது பரவலாகத் தெரிய வந்தது. இருபது முப்பது வரி நிரலில் முடிந்துவிடும் என்பதால் இன்றைக்கும் பலர் முதலில் எழுதிப் பார்ப்பது இதைத்தான்.

இருபது வரி என்பதாலேயே தப்பும் சத்தமில்லாமல் நடக்கும். நிரல் ஓடிவிடும், எல்லாக் கடையும் ஏதோ ஒரு வண்டியில் இருக்கும், லோடும் மீறியிருக்காது. ஆனால் டிரைவர் தாளைப் பார்த்ததும் "என்ன சார் இது, இவ்வளவு தூரம் சுத்தணுமா?" என்பார். அவர் காட்டும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போவது எப்படி என்பதை மதுரையை வைத்தே எழுதுகிறேன். மதுரையிலிருந்து சாலைகள் நாலா பக்கமும் கதிர் போலப் பிரிகின்றன, ஸ்வீப்புக்கு இப்படிப்பட்ட ஊர்தான் தோது.

குடோன் வைகைக்குத் தென்கரையில், சிம்மக்கல் பக்கம் (9.925, 78.12) என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 100 பெட்டி கொள்ளும். ஊருக்கு எத்தனை பெட்டி என்பது நான் வைத்த கணக்கு. கோணங்களைத் தோராயமான ஆயத்தொலைவுகளிலிருந்து, கிழக்கை 0 என்று வைத்து வடக்கு வழியாகச் சுற்றிக் கணக்கிட்டேன்.

| ஊர் | கோணம் | பெட்டி |
|---|---|---|
| மேலூர் | 26° | 45 |
| அழகர்கோவில் | 59° | 20 |
| நத்தம் | 70° | 35 |
| வாடிப்பட்டி | 135° | 35 |
| சமயநல்லூர் | 145° | 15 |
| சோழவந்தான் | 149° | 20 |
| உசிலம்பட்டி | 172° | 40 |
| செக்கானூரணி | 174° | 20 |
| எழுமலை | 188° | 20 |
| திருமங்கலம் | 219° | 40 |
| திருப்பரங்குன்றம் | 222° | 30 |
| திருப்புவனம் | 325° | 35 |

மொத்தம் 355 பெட்டி. குறைந்தது 4 வண்டி வேண்டும். இந்த எண்ணை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எதிரெதிர்த் திசை ஊர்கள் ஒரே வண்டியில் வருகின்றன

மேலூரும் திருமங்கலமும் ஒரே தாளில் வந்தால் லோடைச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், கோணம் கண்டுபிடிக்கும் வரியைப் பாருங்கள். அங்கே `atan2` இருக்க வேண்டிய இடத்தில் `atan(dy/dx)` இருக்கும். வகுக்கும்போதே குறி போய்விடுகிறது: வடகிழக்கில் இரண்டும் கூட்டல், தென்மேற்கில் இரண்டும் கழித்தல், வகுத்தால் இரண்டும் கூட்டல்தான். அதனால் மேலூர் 26 என்றும் திருமங்கலம் 39 என்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதன் உடன்பிறப்பு, எல்லா ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே கோணம் வருவது. குடோனின் ஆயத்தொலைவு காலியாக இருந்து 0, 0 என்று போயிருந்தால் நத்தம், எழுமலை, திருப்புவனம் எல்லாமே 7 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். குடோனுக்கு மட்டும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாலும் எண்தான் வேறாக இருக்கும், எல்லாம் ஒரே இடத்தில் குவிவது அப்படியேதான் நடக்கும். கோணப் பட்டியலை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

```python
def angle(lat, lon):
    dx = (lon - LON0) * math.cos(math.radians(LAT0))
    dy = lat - LAT0
    return math.degrees(math.atan2(dy, dx)) % 360
```

பலர் சந்தேகப்படும் இரண்டு விஷயங்கள் இங்கே குற்றவாளியே இல்லை. ஒன்று அந்த `cos`. மதுரை அட்சரேகையில் அது 0.985, விட்டுவிட்டாலும் கோணம் அரை டிகிரிகூட நகராது. லண்டன் மாதிரி வடக்கே இருக்கும் ஊர்களில் கட்டாயம் வேண்டும். இன்னொன்று `atan2(dx, dy)` என்று மாற்றி எழுதுவது. அப்போது வடக்கிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் கோணம் வரும், அவ்வளவுதான். பக்கத்து ஊர் பக்கத்து ஊராகவேதான் இருக்கும்.

ஒரே சாலையில் இரண்டு வண்டி போகிறது

அடிக்கடி வருவது இதுதான், கண்டுபிடிக்க நேரம் எடுப்பதும் இதுதான். மேலே உள்ள நிரலில் `% 360` இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். `atan2` கொடுப்பது −180 முதல் 180 வரை. எழுமலை −172 ஆகிவிடுகிறது, உசிலம்பட்டி 172, செக்கானூரணி 174. நிஜத்தில் எழுமலைக்கும் செக்கானூரணிக்கும் நடுவே 14 டிகிரிதான், ஆனால் வரிசையில் எழுமலை முதல் ஆள், செக்கானூரணி கடைசி ஆள். வட்டத்தை வெட்டி வரிசையாக்கும் இடத்தைத் தையல் என்று சொல்வோம், அது சரியாக மேற்கே, உசிலம்பட்டிச் சாலையை ஒட்டி விழுகிறது.

இப்படி ஓடவிட்டால் கிடைப்பது:

- முதல் வண்டி: எழுமலை, திருமங்கலம், திருப்பரங்குன்றம் (90)
- இரண்டாவது: திருப்புவனம், மேலூர், அழகர்கோவில் (100)
- மூன்றாவது: நத்தம், வாடிப்பட்டி, சமயநல்லூர் (85)
- நான்காவது: சோழவந்தான், உசிலம்பட்டி, செக்கானூரணி (80)

நான்கு வண்டிதான், லோடும் சரி. ஆனால் உசிலம்பட்டிக்கு ஒரு வண்டி போகும்போது, அதைத் தாண்டி நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எழுமலைக்குத் திருமங்கலம் வழியாக வேறொரு வண்டி 20 பெட்டியைச் சுமந்துகொண்டு போகிறது. அந்த முதல் வண்டி மட்டும் 97 கிலோமீட்டர். நான்கும் சேர்ந்து 342. (எல்லாத் தூரமும் நேர்க்கோட்டுக் கணக்கு, சாலையில் இன்னும் கூடும். ஒவ்வொரு சுளைக்குள்ளும் குறைந்த தூரம் வரும் வரிசையில்தான் போட்டிருக்கிறேன்.)

கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: சந்தேகப்படும் இரண்டு வண்டிகளும் பட்டியலின் முதல் வண்டியும் கடைசி வண்டியுமா என்று பாருங்கள். ஆமாம் என்றால் அநேகமாகத் தையல்தான் காரணம். நடுவில் உள்ள இரண்டு வண்டிகள் ஒரே சாலையைப் பங்குபோட்டால் அது லோடு முடிந்த இடத்தில் வெட்டியது, அது வேறு கதை.

தையலைச் சரிசெய்தேன், இப்போது ஐந்தாவது வண்டி வந்துவிட்டது

`% 360` போட்டதும் எழுமலை 188 ஆகி செக்கானூரணிக்கு அடுத்து வந்து உட்கார்ந்துவிடும். மேற்குப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தையல் எங்கும் போய்விடவில்லை, கிழக்கே நகர்ந்திருக்கிறது. இப்போது மேலூரிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம்: மேலூர், அழகர்கோவில், நத்தம் சரியாக 100. வாடிப்பட்டி, சமயநல்லூர், சோழவந்தான் 70. அடுத்து உசிலம்பட்டியின் 40 சேராது, மூட வேண்டும். உசிலம்பட்டி, செக்கானூரணி, எழுமலை 80. திருமங்கலம், திருப்பரங்குன்றம் 70. கடைசியில் திருப்புவனத்தின் 35 பெட்டிக்கு ஒரு வண்டி.

வரைபடத்தில் பார்த்தால் இவ்வளவு அழகான சுளைகள் வேறு எப்படியும் வராது. ஆனால் 355 பெட்டிக்கு 4 வண்டி போதும் என்று முதலிலேயே எழுதி வைத்தோம் இல்லையா? ஐந்தாவது வண்டி 35 பெட்டியோடு திருப்புவனம் போய்த் திரும்பி வருகிறது. பல பேர் இந்த இடத்தில் லோடுக் கணக்கில் பிழை தேடுவார்கள். பிழை அங்கே இல்லை. எந்தக் கடையிலிருந்து சுற்ற ஆரம்பிக்கிறோம் என்பதே விடையை மாற்றுகிறது, நாம் ஒரே ஒரு தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிட்டோம்.

மருந்து எளிது. பன்னிரண்டு ஊர் என்றால் பன்னிரண்டு தொடக்கம், இரண்டு திசை, மொத்தம் 24 ஓட்டம். எல்லாவற்றையும் ஓட்டி, முதலில் வண்டி எண்ணிக்கை, அது சமமாக இருந்தால் தூரம் என்று ஒப்பிட வேண்டும்.

```python
best = None
for order in (stops, stops[::-1]):
    for k in range(len(order)):
        routes = split(order[k:] + order[:k], CAP)
        cost = (len(routes), sum(tour(r) for r in routes))
        if best is None or cost < best[0]:
            best = (cost, routes)
```

`stops` என்பது கோண வரிசையில் அடுக்கிய பட்டியல், `split` லோடு மீறும் இடத்தில் வெட்டுவது, `tour` ஒரு சுளையை வரிசைப்படுத்தித் தூரம் சொல்வது. ஆயிரம் கடை இருந்தாலும் இது தாங்கும். நேரம் எடுப்பது `tour` மட்டும்தான்.

திருப்புவனத்திலிருந்து தொடங்கும் ஓட்டத்தைப் பாருங்கள்: திருப்புவனம், மேலூர், அழகர்கோவில் 100. நத்தம், வாடிப்பட்டி, சமயநல்லூர் 85. சோழவந்தான், உசிலம்பட்டி, செக்கானூரணி, எழுமலை 100. திருமங்கலம், திருப்பரங்குன்றம் 70. நான்கு வண்டி, 308 கிலோமீட்டர். முதலில் வந்த 342-ஐவிட 34 குறைவு. ஐந்து வண்டித் திட்டம் 310, அதாவது தூரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இங்கே ஒரு வண்டியும் ஒரு டிரைவரும் மிச்சம்.

இந்தத் தொடக்கம் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. திருப்பரங்குன்றத்துக்கும் (222) திருப்புவனத்துக்கும் (325) நடுவே 103 டிகிரிக்கு ஊரே இல்லை, பட்டியலில் பெரிய இடைவெளி அதுதான். அங்கே வெட்டினால் எந்தக் கூட்டமும் உடையாது. 24 ஓட்டம் முடியாத நிலையில் ஒரே ஒரு தொடக்கம்தான் வேண்டும் என்றால் பெரிய இடைவெளியில் வெட்டுங்கள். ஆனால் அது உத்தரவாதம் இல்லை, லோடு எங்கே முடிகிறது என்பது இடைவெளிக்குத் தெரியாது.

இங்கே கணினி பார்க்காத ஒரு வழியையும் சொல்ல வேண்டும். ஐந்து வண்டித் திட்டத்தில் திருமங்கலம், திருப்பரங்குன்றம், திருப்புவனம் மூன்றும் சேர்ந்து 105. ஐந்தே ஐந்து பெட்டிதான் அதிகம். திருப்புவனம் கடைக்காரரிடம் போன் போட்டு "அண்ணே, அஞ்சு பெட்டி நாளைக்குத் தர்றேன், பரவாயில்லையா?" என்று கேட்டு அவர் சரி என்றால், அழகான அந்தச் சுளைகளே நான்கு வண்டியில் அடங்கி 302 கிலோமீட்டருக்கு வந்துவிடும். அதனால் நிரலில் கொள்ளளவை 105, 110 என்று மாற்றியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வண்டி எண்ணிக்கை சட்டென்று குறைந்தால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

பக்கத்து ஊர் ஒன்று மட்டும் வேறு வண்டியில் இருக்கிறது

308 கிலோமீட்டர் திட்டத்தில் வாடிப்பட்டியும் சமயநல்லூரும் நத்தம் வண்டியில், அவற்றுக்கு நடுவே இருப்பது போன்ற சோழவந்தான் உசிலம்பட்டி வண்டியில். பார்த்தவுடன் உறுத்தும். சோழவந்தானைச் சேர்த்தால் 105 ஆகும் என்பதால்தான் வெட்டு அங்கே விழுந்தது. சமயநல்லூரை எடுத்துவிட்டுச் சோழவந்தானைப் போட்டால் இரண்டு வண்டிக்கும் லோடு சரியாக வரும் (90, 95). இப்படி எல்லையில் உள்ள கடைகளை மாற்றிப் பார்ப்பது கில்லெட், மில்லர் எழுதிய முறையிலேயே உண்டு. பலர் அதை விட்டுவிட்டு எளிய பாதியை மட்டும் எழுதுகிறார்கள்.

ஆனால் மாற்றியபின் கூட்டிப் பாருங்கள். மாற்றும் முன் இரண்டு வண்டிக்கும் சேர்த்து 194.9 கிலோமீட்டர், மாற்றியபின் 195.3. ஒன்றும் மிச்சமில்லை. வாடிப்பட்டியும் சோழவந்தானும் ஒன்று சேர்ந்தது லாபம்தான், ஆனால் மேற்கு வண்டி இப்போது திரும்பும் வழியில் சமயநல்லூருக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காக மட்டும் நான் மாற்ற மாட்டேன். தூரம் குறைந்தால் மாற்றுவேன், இல்லையென்றால் டிரைவர் எதை விரும்புகிறாரோ அதை விடுவேன்.

டிரைவர் போன வழியிலேயே திரும்பி வருகிறார்

சுளை சரியாக இருக்கிறது, உள்ளே வரிசைதான் கோணல். பிரிப்பதற்காகக் கோண வரிசையில் அடுக்கிய பட்டியலையே போகும் வரிசையாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் இப்படித்தான் நடக்கும். கோணம் திசையைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. மேற்கு வண்டியைக் கோண வரிசையில் அனுப்பினால் சோழவந்தான், உசிலம்பட்டி, அப்புறம் குடோனை நோக்கித் திரும்பிச் செக்கானூரணி, மறுபடி வெளியே எழுமலை, அங்கிருந்து வீடு: 139 கிலோமீட்டர். அதே நான்கு ஊரைச் செக்கானூரணி, எழுமலை, உசிலம்பட்டி, சோழவந்தான் என்று சுற்றினால் 102.

நான்கு ஊருக்கு 24 வரிசைதான், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். சுளைக்கு எட்டு ஒன்பது கடை வரை அப்படியே செய்யலாம். அதற்கு மேல் போனால், அருகில் உள்ள கடைக்குப் போவது என்று ஒரு வரிசை போட்டுவிட்டு, இரண்டு கோடுகளை அறுத்து நடுவில் உள்ள துண்டைத் திருப்பி ஒட்டிப் பார்க்கும் 2-ஆப்ட் போதும். பாதை தன்னையே வெட்டிக்கொண்டு போவது அதில் தீர்ந்துவிடும்.

குடோன் பக்கத்துக் கடைகள் தினமும் வண்டி மாறுகின்றன

நேற்று மேலூர் வண்டியில் இருந்த கடை இன்று திருமங்கலம் வண்டியில், கடை நகரவில்லை, பெட்டியும் அதேதான். அந்தக் கடை குடோனிலிருந்து எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 60 மீட்டர் தள்ளி இருக்கும் கடையின் இருப்பிடத்தை ஒரு விற்பனைப் பிரதிநிதி போனில் குறிக்கும்போது 20 மீட்டர் பிசகினால் கோணம் 19 டிகிரி வரை ஆடும். நத்தத்தில் அதே 20 மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. மாசி வீதிகளுக்குள் கடைகள் நெருக்கியடித்து இருக்கும்போது இது பெரிய தலைவலி.

இந்தக் கடைகளை ஸ்வீப்பில் சேர்க்கவே வேண்டாம். அரை கிலோமீட்டருக்குள் இருப்பவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்ற சுளைகள் முடிந்தபின் எந்த வண்டியில் இடம் மிச்சம் இருக்கிறதோ அதில் ஏற்றுங்கள். நம் கணக்கில் திருமங்கலம் வண்டியில் 30 பெட்டிக்கு இடம் இருக்கிறது. எந்த வண்டியாக இருந்தாலும் குடோனை விட்டுத்தானே கிளம்புகிறது, பக்கத்துக் கடையில் நிறுத்துவதால் தூரம் பெரிதாக ஏறாது.

தாளில் பக்கம், சாலையில் தூரம்

சிம்மக்கல்லிலிருந்து செல்லூர் எட்டிப் பார்த்தால் தெரியும், ஆனால் நடுவில் வைகை. பாலத்துக்குப் போய்த்தான் கடக்க முடியும். கோணமும் நேர்க்கோட்டுத் தூரமும் ஆற்றைப் பார்ப்பதில்லை. இதன் அடையாளம்: ஒரு சுளைக்குள் வண்டி இக்கரை, அக்கரை, மறுபடி இக்கரை என்று பாலத்தை இரண்டு தடவைக்கு மேல் கடக்கும். முதலில் `tour` கணக்கில் சாலைத் தூரத்தைப் போடுங்கள். பெரும்பாலும் அதிலேயே இக்கரைக் கடைகள் ஒன்றாகவும் அக்கரைக் கடைகள் ஒன்றாகவும் சேர்ந்துகொள்ளும், கோணத்தைத் தொடவே வேண்டியதில்லை.

அதுவும் போதவில்லை என்றால் வடகரைக் கடைகளையும் தென்கரைக் கடைகளையும் இரண்டு பட்டியலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஸ்வீப் ஓட்ட வேண்டும். சாதாரண நாளில் நான் இதைச் செய்வதில்லை, வண்டி ஒன்று கூடிவிடும் அபாயம் இருக்கிறது. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பாலத்தை நம்பி எந்த வண்டியையும் அனுப்ப முடியாது. அன்றைக்கு நகருக்குள் இரண்டு பட்டியல்தான், வடகரைக்குப் போகும் வண்டி முந்தின நாள் இரவே லோடு ஏற்றி அக்கரையில் நிற்க வேண்டும், அந்தப் பட்டியலுக்குக் குடோனின் ஆயத்தொலைவாக வண்டி நிற்கும் இடத்தைக் கொடுத்து, எல்லாக் கோணத்தையும் அங்கிருந்து புதிதாக எடுக்க வேண்டும்.